அறுவைக்கு முன் செல்லும் கடிதம்: மருத்துவர் எழுத வேண்டியவை, குடும்பத்தார் கேட்க வேண்டியவை

திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தபின் பல குடும்பங்களில் இரண்டு ஆயத்தங்கள் ஒருசேரத் தொடங்குகின்றன. ஒன்று, உடலை அறுவைக்குத் தயார் செய்வது. மற்றொன்று, காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து முன் ஒப்புதல் பெறுவது. முதலாவதில் குடும்பத்தார் காட்டும் அக்கறை இரண்டாவதில் பெரும்பாலும் இருப்பதில்லை. அது மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசை பார்த்துக்கொள்ளும் வேலை என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். ஆனால் அனுமதிக்கப்படும் நாளின் காலையில், "மேலும் விவரம் தேவை" என்று நிறுவனத்திடமிருந்து பதில் வரும்போது, முன்பணத்துக்காக அலைவது அந்தக் குடும்பமே.

இத்தகைய கேள்விகளில் கணிசமானவை மருத்துவரின் கடிதத்தில் விடுபட்ட ஒன்றிரண்டு வரிகளால் எழுபவை என்பது எங்கள் கருத்து. அக்கடிதம் புறப்படும் முன் நோயாளியோ அவர்தம் குடும்பத்தாரில் ஒருவரோ அதைப் படித்துப் பார்க்க வேண்டும். மருத்துவரும் அதற்கு இடம் தர வேண்டும். இது ஏன் தேவை என்பதை முழங்கால் மூட்டு மாற்று அறுவையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறோம். அவசரமில்லாத, நாள் குறித்துச் செய்யப்படும் அறுவைகளில் இது பலருக்கும் அறிமுகமானது. காப்பீட்டு நிறுவனங்கள் நுணுகி ஆராய்வதும் கூட.

கடிதத்தைப் படிப்பவர் யார்?

முன் ஒப்புதல் கோரும் விண்ணப்பம் ஒரு படிவமாகும். அதன் ஒரு பகுதியை நோயாளியும், ஒரு பகுதியைச் சிகிச்சை தரும் மருத்துவரும் நிரப்ப வேண்டும். நடைமுறையில் மருத்துவரின் பகுதியையும் உதவி மேசையில் இருப்பவரே நோயாளியின் கோப்பைப் பார்த்து நிரப்பி, மருத்துவரின் கையொப்பம் பெறுவது வழக்கம். அதனோடு மருத்துவரின் கடிதமும், பரிசோதனை அறிக்கைகளும் இணைக்கப்பட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கோ அதன் சார்பில் செயல்படும் மூன்றாம் தரப்பு நிர்வாகிக்கோ செல்கின்றன. திட்டமிட்ட அறுவையாயின், அனுமதிக்கு 48 முதல் 72 மணி நேரம் முன்பே இது சென்று சேர வேண்டும் என்று பெரும்பாலான பாலிசிகள் கூறுகின்றன.

அங்கே அதைப் படிப்பவரும் பெரும்பாலும் ஒரு மருத்துவரே. ஆயினும் அவர் நோயாளியைப் பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை. நோயாளி படியேறத் திணறுவதை அவர் காணவில்லை. அவர் முன் இருப்பவை தாள்கள் மட்டுமே. இந்திய காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கை மீது ஒரு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். நோயாளிக்கு நன்மை தரும் விதிதான் இது. ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர், ஐயம் எழும் இடத்தில் ஊகித்து ஒப்புதல் தர மாட்டார், கேள்வி எழுப்புவார். அந்தக் கேள்விக்குப் பதில் போய்ச் சேரும்வரை ஒப்புதலும் வராது.

ஆகவே கடிதம் ஒன்றைச் செய்ய வேண்டும். நோயாளியை ஒருபோதும் காணாத ஒரு மருத்துவர் மனத்தில் எழக்கூடிய நான்கு கேள்விகளுக்கு அது முன்கூட்டியே விடை தர வேண்டும். என்ன நோய், அதற்கு என்ன சான்று? எப்போதிலிருந்து? அறுவை ஏன், இப்போது ஏன்? சரியாக என்ன செய்யப்போகிறார்கள்?

குறையுள்ள ஒரு கடிதம்

விளக்கத்துக்காக நாங்கள் அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 61 வயது அம்மையார் ஒருவர். அவருடைய பாலிசி 2023 ஜூன் 10 அன்று தொடங்கியது. இடைவெளியின்றிப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அந்தப் பாலிசியில் மூட்டு மாற்று அறுவைக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. அது 2025 ஜூனில் முடிந்துவிட்டது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்களுக்கு 36 மாதக் காத்திருப்புக் காலம். அது 2026 ஜூனில்தான் முடியும். வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை 2025 ஆகஸ்டு 20 அன்று செய்வதாக முடிவாகிறது.

இத்தகைய கடிதங்கள் நம் மருத்துவமனைகளில் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றின் உள்ளடக்கத்தைத் தமிழில் தருகிறோம். முதலில் எழுதப்பட்ட கடிதம் இப்படி இருந்தது என்று கொள்வோம்:

"இந்நோயாளிக்குக் கடந்த 5 ஆண்டுகளாக இரு முழங்கால்களிலும் வலி. மூட்டுத் தேய்மானம் உள்ளது. மூட்டு மாற்று அறுவை செய்ய அறிவுறுத்தப்பட்டுள்ளது. ஒப்புதல் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதில் பொய் ஏதுமில்லை. புறநோயாளிப் பிரிவில் அந்த அம்மையார், "அஞ்சு வருஷமா மூட்டு வலி, டாக்டர்" என்று சொன்னார். அதை மருத்துவர் குறித்துக்கொண்டார். சிகிச்சைக்கு அவ்வளவு போதும். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தில் இருப்பவர் ஒரே ஒரு கணக்குதான் போடுவார்: 5 ஆண்டுகள் என்றால் 2020. பாலிசி தொடங்கியது 2023. ஆகவே நோய் முன்பே இருந்தது; அதற்கான காத்திருப்புக் காலம் முடியவில்லை. அவர் உடனே மறுக்காவிட்டாலும், "வலி தொடங்கிய நாள், முதன்முதலில் மருத்துவரைப் பார்த்த தாள், பழைய எக்ஸ்-ரே ஆகியவற்றை அனுப்புக" என்று கேட்பார். எந்த முழங்கால் என்றும், இதுவரை என்ன சிகிச்சை செய்யப்பட்டது என்றும் சேர்த்துக் கேட்பார்.

நான்கு வரிக் கடிதத்தில் இத்தனை கேள்விகள் எழுகின்றன. இவற்றுள் மிகக் கனமானது காலத்தைப் பற்றியது. அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

எப்போதிலிருந்து?

"முன்பே இருந்த நோய்" என்பதற்கு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள இலக்கணம் பலரும் நினைப்பதைவிடக் குறுகியது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் ஒருவரால் கண்டறியப்பட்ட நோய், அல்லது அந்தக் காலத்துக்குள் மருத்துவரின் ஆலோசனையோ சிகிச்சையோ பெறப்பட்ட நோய் என்பதே அது. உடலுக்குள் குருத்தெலும்பு எப்போது தேயத் தொடங்கியது என்று அந்த இலக்கணம் கேட்கவில்லை. கண்டறியப்பட்டதா, மருத்துவரை நாடினாரா என்றே கேட்கிறது.

ஆகவே "5 ஆண்டுகளாக வலி" என்ற சொற்றொடர் உண்மையாக இருந்தும் முழுமையற்றது. அந்த அம்மையாரிடம் நிதானமாகக் கேட்டிருந்தால் கதை வேறு விதமாக வெளிப்பட்டிருக்கும். 2020 வாக்கில் மாடிப்படி ஏறும்போது எப்போதாவது முழங்காலில் லேசான வலி வரும், ஓய்வெடுத்தால் போய்விடும். மருத்துவரைப் பார்த்ததில்லை; மருந்தும் எடுத்ததில்லை. 2023 இறுதியில்தான் வலி நிலைபெற்றது. 2024 ஜனவரி 16 அன்று முதன்முதலாக மருத்துவரிடம் சென்றார். அன்றுதான் முதல் எக்ஸ்-ரே எடுக்கப்பட்டது. அன்றுதான் மூட்டுத் தேய்மானம் என்ற பெயரே அவர் காதில் விழுந்தது.

இந்த மூன்று செய்திகளும் கடிதத்தில் தனித்தனியே இடம்பெற வேண்டும்: அறிகுறி முதலில் தோன்றிய காலம், முதன்முதலில் மருத்துவரை நாடிய நாள், நோய் கண்டறியப்பட்ட நாள். மூன்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கும்போதுதான் தவறான பொருள் பிறக்கிறது. "நீண்ட நாளாக", "பல ஆண்டுகளாக" போன்ற சொற்கள் இன்னும் மோசமானவை. அவை படிப்பவருக்கு எந்த ஆண்டையும் தரவில்லை, ஆனால் ஐயத்தை மட்டும் தருகின்றன.

2020-இன் லேசான வலியை விட்டுவிட்டு எழுதினால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். விடக்கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. புறநோயாளிச் சீட்டில் அது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. நிறுவனம் கோப்பைக் கேட்டால் வெளிவந்துவிடும். தவிரவும், முற்றிய தேய்மானத்தைக் காட்டும் எக்ஸ்-ரேயோடு "6 மாதமாக வலி" என்று ஒரு கடிதம் சென்றால், எந்த எலும்பு மருத்துவரும் அதை நம்பமாட்டார். ஆறு மாதத்தில் ஒரு மூட்டு அந்நிலைக்குத் தேய்வதில்லை. முழுக் கதையையும் சொல்லி, அதில் மருத்துவம் எங்கே தொடங்கியது என்று காட்டும் கடிதமே கேள்வியைத் தாங்கி நிற்கும்.

அறுவை ஏன், இப்போது ஏன்?

மூட்டு மாற்று அறுவை பொதுவாகக் கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகளை ஏறிப் பார்த்தாயிற்று என்று கடிதம் காட்ட வேண்டும். "மருந்துகளால் பயனில்லை" என்ற ஒரு வரி அதைக் காட்டாது. என்ன செய்யப்பட்டது, எவ்வளவு காலம், என்ன பலன் என்ற மூன்றும் வேண்டும். வலி மாத்திரை எத்தனை மாதம், இயன்முறைச் சிகிச்சை எத்தனை வாரம், எடை குறைக்க முயன்றாரா, மூட்டில் ஊசி போடப்பட்டதா, போட்டபின் எத்தனை நாள் நிவாரணம் இருந்தது என்று எழுத நான்கு வரிகள் போதும்.

இரண்டாவது, சான்று. எக்ஸ்-ரேயில் மூட்டுத் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரப்படுத்தும் முறை ஒன்று உண்டு. கெல்கிரென்–லாரன்ஸ் தரம் என்பார்கள். 4 என்பது மிக முற்றிய நிலை. இந்த எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டு, எக்ஸ்-ரே எடுத்த நாளையும் எழுத வேண்டும். அந்த எக்ஸ்-ரே நின்ற நிலையில் எடுக்கப்பட்டதாக இருப்பது நல்லது. உடலின் எடை மூட்டில் இறங்கும்போதுதான் இடைவெளி எவ்வளவு சுருங்கியுள்ளது என்பது தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, அன்றாட வாழ்வில் நோய் செய்திருப்பது. எக்ஸ்-ரே மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அறுவை தேவைப்படாமல் போகலாம். எனவே படம் மட்டும் அறுவைக்குக் காரணமாகாது. எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, படியேற முடிகிறதா, இரவில் வலியால் உறக்கம் கலைகிறதா, கால் வளைந்திருக்கிறதா, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது ஆகியவை வேண்டும். இவற்றை நோயாளிதான் சொல்ல முடியும். "ரொம்ப வலிக்குது" என்று மருத்துவரிடம் சொல்வதைவிட, "தெருமுனைக் கடை வரை போக இரண்டு முறை நிற்கிறேன்" என்று சொல்வது சிகிச்சைக்கும் உதவும்; கடிதத்துக்கும் உதவும்.

சரியாக என்ன செய்யப்போகிறார்கள்?

இங்கே எழும் சிக்கல்களில் பொதுவானது வலமா இடமா என்பது. அந்த அம்மையாருக்கு இரு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு; அறுவை வலது காலுக்கு மட்டும். நோய்க்கான பன்னாட்டுக் குறியீடு `M17.0` என்று படிவத்தில் எழுதப்படும். அது இரு முழங்கால் தேய்மானத்தைக் குறிப்பது. அறுவையோ ஒரு காலுக்கு. இது முரணில்லை, ஆனால் கடிதத்தில் ஒரு வரி விளக்கம் இல்லையென்றால் படிப்பவருக்கு முரணாகவே தோன்றும். "இரு மூட்டிலும் நோய் உள்ளது, தற்போது வலதுக்கு மட்டும் அறுவை, இடது கண்காணிப்பில் உள்ளது" என்றால் தீர்ந்தது. கடிதம், படிவம், எக்ஸ்-ரே அறிக்கை ஆகிய மூன்றிலும் பக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று குடும்பத்தாரே ஒரு முறை பார்க்கலாம். இதற்கு மருத்துவ அறிவு தேவையில்லை.

அறுவையின் பெயர், செய்யும் முறை, மருத்துவமனையில் தங்கும் நாள்கள், மதிப்பிட்ட செலவு ஆகியவையும் தெளிவாக வேண்டும். ரோபோ உதவியுடன் செய்வதாக இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும். பல பாலிசிகள் அதற்குத் தனி உச்சவரம்பு வைத்துள்ளன. அதைச் சொல்லாமல் ஒப்புதல் பெற்றால், வீடு திரும்பும் நாளில் மீதத்தைக் கையிலிருந்து கட்ட நேரிடும். செயற்கை மூட்டில் சிறப்பு வகை ஒன்றைத் தேர்ந்தால், உலோக ஒவ்வாமை போன்ற மருத்துவக் காரணம் இருக்கிறதா என்பதையும் எழுத வேண்டும். காரணம் இல்லாத இடத்தில் நிறுவனம் வழக்கமான வகைக்கான தொகையை மட்டுமே ஏற்கக்கூடும்.

நோயாளிக்கு உள்ள பிற நோய்களும் இப்பகுதியில் வருகின்றன. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா போன்றவை எந்த மாதம், எந்த ஆண்டு முதல் உள்ளன என்று படிவமே கேட்கிறது. இங்கே "உண்டு" என்று மட்டும் எழுதி ஆண்டை விட்டுவிடுவது பரவலான பழக்கம். அதுவும் ஒரு கேள்வியை அழைக்கும். பாலிசி எடுக்கும்போது அறிவிக்கப்பட்ட நோயாயின், அதையும் சேர்த்து எழுதுவது நல்லது.

நிறைவான கடிதம்

இவ்வளவையும் சேர்த்தால் கடிதம் பல பக்கம் ஆகிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். அதே அம்மையாருக்கான முழுக் கடிதம் இது. ஒரு பக்கத்துக்குள் அடங்கும்:

"61 வயதான இந்நோயாளிக்கு இரு முழங்கால்களிலும் முதன்மை மூட்டுத் தேய்மானம் உள்ளது, வலது முழங்காலில் மிகுதி. 2020 முதல் மாடிப்படி ஏறுகையில் எப்போதாவது லேசான வலி இருந்ததாகக் கூறுகிறார். அதற்காக மருத்துவரை நாடவில்லை, மருந்து எடுக்கவில்லை. 2023 இறுதியில் வலி நிலையாகவே, 2024 ஜனவரி 16 அன்று முதன்முதலாக எம்மிடம் ஆலோசனை பெற்றார். அன்று எடுத்த எக்ஸ்-ரேயில் வலது முழங்கால் தரம் 3, இடது தரம் 2. நோய் அன்றே முதன்முதலில் கண்டறியப்பட்டது. அந்நாளின் புறநோயாளிச் சீட்டும் அறிக்கையும் இணைப்பில் உள்ளன.

"வலி நிவாரணி மாத்திரைகள் 18 மாதங்களாகத் தேவைக்கேற்ப அளிக்கப்பட்டன. 2024 பிப்ரவரி முதல் 12 வாரம் இயன்முறைச் சிகிச்சை அளிக்கப்பட்டது. எடை 74 கிலோவிலிருந்து 69 கிலோவாகக் குறைந்தது. 2024 செப்டம்பரில் வலது மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் நிவாரணம் இருந்து வலி மீண்டது.

"தற்போது கைத்தடியுடன் 200 மீட்டருக்கு மேல் நடக்க இயலவில்லை. பிடிமானமின்றிப் படியேற இயலவில்லை. இரவில் வலியால் உறக்கம் கலைகிறது. வலது கால் வெளிப்புறமாக வளைந்துள்ளது. முழங்கால் 10 பாகையிலிருந்து 95 பாகை வரை மட்டுமே அசைகிறது. 2025 ஜூலையில் நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்-ரேயில் வலது தரம் 4, இடது தரம் 3.

"2025 ஆகஸ்டு 20 அன்று வலது முழங்காலில் மட்டும் முழு மூட்டு மாற்று அறுவை, வழக்கமான முறையில், வழக்கமான செயற்கை மூட்டைக் கொண்டு செய்யத் திட்டமிட்டுள்ளோம். இடது முழங்கால் கண்காணிப்பில் உள்ளது. எதிர்பார்க்கும் தங்கல் 5 நாள். செலவு மதிப்பீடு இணைப்பில் உள்ளது. உயர் இரத்த அழுத்தம் 2019 முதல் உள்ளது. ஒரு மாத்திரையால் கட்டுப்பாட்டில் உள்ளது. பாலிசி எடுக்கும்போது அறிவிக்கப்பட்டதாக நோயாளி கூறுகிறார். சர்க்கரை நோய், இதய நோய் இல்லை. மூட்டில் விபத்துக் காயம் ஏற்பட்டதில்லை."

இதன்கீழ் மருத்துவரின் பெயர், தகுதி, மருத்துவக் கவுன்சில் பதிவெண், கையொப்பம், முத்திரை, நாள். தாள் மருத்துவமனையின் பெயர் பொறித்ததாக இருக்க வேண்டும். நோயாளியின் பெயர் பாலிசியில் உள்ளபடியே இருக்க வேண்டும். முதலெழுத்து மாறியிருந்தாலும் ஒரு நாள் வீணாகும்.

இக்கடிதம் ஒப்புதலை உறுதி செய்துவிடாது. 2020-இன் வலியைச் சுட்டிக்காட்டி நிறுவனம் வாதிடலாம். பாலிசிக்கான முன்மொழிவுப் படிவத்தில் மூட்டு வலி பற்றிக் கேள்வி இருந்ததா, அதற்கு என்ன விடை தரப்பட்டது என்று பார்க்கலாம். ஆனால் அப்போது விவாதம் பாலிசியின் சொற்களைப் பற்றியதாக இருக்கும். சான்றுகள் குடும்பத்தின் கையில் இருக்கும். "5 ஆண்டுகளாக" என்ற ஒற்றைச் சொல்லோடு அவர்கள் நிற்க வேண்டியதில்லை.

உண்மை பாதகமாக இருந்தால்

இங்கே கசப்பான ஒன்றையும் பேச வேண்டும். அதே அம்மையார் 2022-இல், அதாவது பாலிசி தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே, வேறொரு மருத்துவரிடம் முழங்கால் எக்ஸ்-ரே எடுத்து மாத்திரையும் பெற்றிருந்தால்? அப்போது அது முன்பே இருந்த நோயே. 2026 ஜூன் வரை நிறுவனம் மறுத்தால் அது விதிப்படி சரியானதே. மருத்துவர் அந்த 2022-ஐக் கடிதத்தில் எழுதத்தான் வேண்டும்.

"ஒரு வருஷம் மட்டும் மாத்திப் போடுங்க, டாக்டர்" என்ற வேண்டுகோள் மருத்துவர்களுக்குப் புதிதன்று. கேட்பவர் கெட்டவர் அல்லர். தாயின் வலியைக் காணப் பொறுக்காத மகனாகவோ மகளாகவோ இருப்பார். ஆயினும் அதற்கு இணங்குவது அக்குடும்பத்துக்குச் செய்யும் தீங்கு என்றே நாங்கள் கருதுகிறோம். பழைய எக்ஸ்-ரே அறிக்கையில் நாள் அச்சாகியிருக்கும். பிற மருத்துவமனைகளின் பதிவுகளை நிறுவனம் கேட்டுப் பெறலாம். பொய் வெளிப்பட்டால் இந்த அறுவைக்கான தொகை மட்டும் போவதில்லை, பாலிசியே ரத்தாகலாம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்தபின், பழைய தகவல்களைக் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது என்றொரு பாதுகாப்பு உண்டு. மோசடி நிறுவப்பட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. மருத்துவருக்கோ, உண்மைக்குப் புறம்பான சான்றில் கையொப்பமிடுவது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம்.

நேர்மையான வழிகள் இரண்டு உண்டு. மூட்டு மாற்று அறுவை பெரும்பாலும் சில மாதங்கள் காத்திருக்கக் கூடியது. 2026 ஜூன் வரை தள்ளிவைத்தால் மூட்டுக்குக் கேடு உண்டா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். நிறுவனத்தில் பணிபுரியும் பிள்ளைகளின் குழுக் காப்பீட்டில் பெற்றோர் சேர்க்கப்பட்டிருந்தால், அதில் இந்தக் காத்திருப்புக் காலம் தளர்த்தப்பட்டுள்ளதா என்று பார்க்கலாம். பல குழுப் பாலிசிகளில் அது தளர்த்தப்பட்டிருக்கும்.

கடிதம் சென்றபின் திருத்துவது

கடிதம் புறப்படும் முன்பே படித்துப் பாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குத் தலையாய காரணம் இதுதான். மறுப்பு வந்தபின் "5 ஆண்டு" என்பதை "19 மாதம்" என்று திருத்தி எழுதும் கடிதம், அது முற்றிலும் உண்மையாக இருந்தாலும், மறுப்பைக் கண்டு மாற்றியதாகவே தோற்றமளிக்கும். அதை ஏற்கச் செய்யப் பழைய சீட்டுகள் அனைத்தும் வேண்டும், நாள்களும் கழியும். அறுவைக்கு முன்பே ஐந்து நிமிடம் செலவிட்டால் இந்த நிலையைத் தவிர்க்கலாம்.

மருத்துவர்களின் நேரமின்மையை நாங்கள் அறியாதவர்கள் அல்லோம். ஒரு காலைப்பொழுதில் அறுபது பேரைப் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் வரலாறு எழுத இயலாது என்பார்கள். அதனால்தான் குடும்பத்தாருக்கு ஒரு வேலையைத் தருகிறோம். அறுவை முடிவானதும் ஒரு தாளில் நான்கு வரிகளை எழுதி எடுத்து வாருங்கள்: வலி முதலில் தோன்றிய காலம், முதன்முதலில் மருத்துவரைப் பார்த்த நாள், இதுவரை செய்த சிகிச்சைகளும் அவற்றின் காலமும், பிற நோய்கள், ஒவ்வொன்றும் தொடங்கிய ஆண்டு. இயன்றவரை பழைய சீட்டுகளைப் பார்த்தே எழுதுங்கள். நினைவை மட்டும் நம்ப வேண்டாம். பாலிசி தொடங்கிய நாளையும் அறிந்து வைத்திருங்கள். அதற்கேற்பக் கதையை வளைப்பதற்காக அன்று. எந்தக் கேள்வி வரும் என்று முன்பே தெரிந்துகொள்வதற்காக. அத்தாளை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, கடிதம் தயாரானதும் அனுப்பும் முன் ஒரு பிரதியைக் கேளுங்கள். உங்கள் உடலைப் பற்றி எழுதப்பட்ட கடிதத்தைப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

இவ்வளவுக்குப் பின்னும் மறுப்பு வந்தால், காரணத்தையும் பாலிசியின் எந்த விதியின்படி என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கை மறுக்கப்பட்டது என்பதனாலேயே இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்பட்டதாகாது. பணம் கட்டிச் சிகிச்சை பெற்று, பின்னர் அதே ஆவணங்களோடு தொகையைத் திரும்பக் கோரலாம். அதுவும் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்; கட்டணமில்லை. அங்கும் முதலில் புரட்டிப் பார்க்கப்படும் தாள்களுள் ஒன்று, அறுவைக்கு முன் மருத்துவர் எழுதிய இந்தக் கடிதமாகவே இருக்கும்.